பேட்டன் எங்கே இருக்கிறது?

குறுவட்டப் போட்டியோ வருவாய் மாவட்டப் போட்டியோ, கடைசி நாள் மாலை தொடர் ஓட்டத்துக்குத்தான் கூட்டம் கூடும். அதுவரை மரநிழல் தேடி உட்கார்ந்திருந்த பெற்றோர்கூட எழுந்து சுண்ணாம்புக் கோட்டோரம் வந்து நின்றுவிடுவார்கள். நான்கு நூறு மீட்டர் என்றால் ஒரு நிமிடத்துக்குள் பந்தயம் முடிந்துபோகும். அதற்குப் பிறகு தொடங்கும் சண்டைதான் முடியாது. “ரெண்டாவது பையன் முன்னாடியே ஓடிட்டான் சார், ஃபால்ஸ் ஸ்டார்ட்!” “கோட்டை மிதிச்சான், நான் பார்த்தேன்!” “கட்டை கீழே விழுந்துச்சே, அப்புறம் எப்படி அவங்களுக்குப் பரிசு?”

இந்த மூன்று கூச்சல்களில் முதலாவது அநேகமாகத் தவறு. மூன்றாவதும் தவறு. நடுவில் இருப்பது பாதி சரி. கூச்சல் போடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓடுகிற பிள்ளையைப் பார்த்தார்கள். விதி பார்க்கச் சொல்வது வேறொன்றை: ஓரிடத்தில் கையை, ஓரிடத்தில் இடது காலை, மிக முக்கியமான இடத்தில் பேட்டனை மட்டும்.

ஃபால்ஸ் ஸ்டார்ட்டை முதலில் முடித்துவிடலாம். தொடர் ஓட்டத்தில் இந்தக் குற்றத்தைச் செய்யக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: பேட்டனைப் பிடித்தபடி தொடக்கக் கோட்டில் குனிந்திருக்கும் முதல் ஆள். ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ என்றதும் அவர் கோட்டுக்குப் பின்னால் கையூன்றுகிறார். ‘செட்’ என்றதும் இடுப்பை உயர்த்தி அசையாமல் நிற்கிறார். எல்லாரும் அசைவற்றுப் போனார்கள் என்று தெரிந்த பிறகே ஸ்டார்ட்டர் துப்பாக்கியைச் சுடுவார். அந்தச் சத்தத்துக்கு முன் கை தரையை விட்டோ, கால் ஊன்றிய இடத்தை விட்டோ எழுந்து ஓட்டம் தொடங்கிவிட்டால் அது ஃபால்ஸ் ஸ்டார்ட். தோள் லேசாக ஆடியது, ஆனால் கையும் காலும் இருந்த இடத்திலேயே இருந்தன என்றால் அது ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வார், தேவைப்பட்டால் ஆடியவரை எச்சரிப்பார்.

பெரிய போட்டிகளில் காலூன்றும் கட்டைகளுக்குள் உணர்கருவி இருக்கும். சத்தம் வந்து 0.1 வினாடி ஆவதற்குள் கால் கட்டையை அழுத்தினால், அவர் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினார் என்று எடுத்துக்கொள்வார்கள். பள்ளி மைதானத்தில் அந்தக் கருவிக்கு எங்கே போவது? ஸ்டார்ட்டரின் கண்ணும், பக்கவாட்டில் நிற்கும் உதவி நடுவரின் கண்ணும்தான். ஆகவே அங்கே சந்தேகம் வந்தால் திரும்பக் கூப்பிடுவார்கள். விசில் அல்லது இரண்டாவது வெடிச் சத்தம் கேட்டால் ஓட்டம் செல்லாது.

2002 வரை ஒவ்வொருவருக்கும் ஒரு பிழை மன்னிக்கப்பட்டது. 2003 முதல் மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மன்னிப்பு. 2010 முதல் மன்னிப்பே கிடையாது. மறு ஆண்டே தென் கொரியாவின் டேகு நகரில் உலகப் போட்டி 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட் வெளியேற்றப்பட்டது இந்த விதியால்தான். தொடர் ஓட்டத்தில் இதன் சுமை இன்னும் கூடுதல். முதல் ஆள் அவசரப்பட்டால், எதிர்ப்பக்க வளைவில் ஷூ லேஸைச் சரிசெய்துகொண்டிருக்கும் மூன்றாவது பிள்ளையும் ஓடாமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சிறுவர் பிரிவுகளில் ஒரு முறை எச்சரித்து விடுவதை நடத்துபவர்கள் முன்கூட்டியே அறிவிப்பதுண்டு; அப்படி அறிவித்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு சண்டை போடுவது நல்லது.

இதில் இன்னொரு நுணுக்கம். ஒருவர் கிளம்பினால் பக்கத்தில் இருப்பவரும் அனிச்சையாகக் கிளம்பிவிடுவார். அப்போது குற்றம் முதலில் அசைந்தவருக்கு மட்டுமே. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் இதுதான் நடந்தது. சீனாவின் வூ யான்னியும் இந்தியாவின் ஜோதி யார்ராஜியும் சத்தத்துக்கு முன் கிளம்பியதாகப் பிரச்சினை எழுந்தது. இருவரையும் முறையீட்டுக்கு உட்பட்டு ஓட அனுமதித்தார்கள். மூன்றாவதாக வந்தார் ஜோதி. பதிவுகளைப் பார்த்ததில் முதலில் அசைந்தவர் வூ என்று முடிவாகி, அவர் நீக்கப்பட்டார். ஜோதிக்கு வெள்ளி கிடைத்தது.

பார்வையாளர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ‘செட்’டுக்கும் வெடிக்கும் இடையில் யாராவது கத்தியோ, பேண்ட் வாத்தியக்காரர் ஒரு தட்டுத் தட்டியோ ஓர் ஓட்டக்காரர் கிளம்பிவிட்டால், அவர்மீது குற்றம் சாட்டாமல் பச்சை அட்டை காட்டி மறுபடி தொடங்க வேண்டும் என்பது முறை. எல்லா மைதானத்திலும் அந்தப் பச்சை அட்டை இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த ஒன்றிரண்டு வினாடி வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்கள் பிள்ளைக்கே லாபம்.

சரி, இரண்டாவது ஆள் ‘முன்னாடியே’ ஓடுவது?

அவர் ஓடத்தான் வேண்டும். ஓடும் பேருந்தில் தாவி ஏறுகிறவர் பேருந்து பக்கத்தில் வரும்வரை மரம்போல் நிற்பதில்லை. கூடவே சில அடி ஓடி அதன் வேகத்துக்கு வந்த பிறகே கம்பியைப் பிடிக்கிறார். தொடர் ஓட்டத்தின் ரகசியம் முழுக்க இதில்தான் இருக்கிறது. போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். உலகில் அதைவிட வேகமாக யாரும் ஓடியதில்லை. ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவரும் மூன்று ஜமைக்கர்களும் சேர்ந்து 400 மீட்டரை 36.84 வினாடியில் முடித்தார்கள். ஆளுக்குச் சராசரி 9.21. நான்கு பேரும் போல்ட்டைவிட வேகமானவர்களா என்ன? மூன்று பேர் நின்ற நிலையிலிருந்து கிளம்பாமல், பேட்டன் கைக்கு வரும்போது ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பறப்புக்காக ஒதுக்கப்பட்ட இடத்தைத்தான் மாற்று மண்டலம் என்கிறோம். பிள்ளைகள் ‘ஜோன்’ என்பார்கள். நான்கு நூறு மீட்டரில் அதன் நீளம் 30 மீட்டர். 400 மீட்டர் ஓடுபாதையில் முதல் ஆளின் 100 மீட்டர் முடியும் புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 20 மீட்டர் முன்பாகவே மண்டலம் தொடங்கிவிடுகிறது. அதைத் தாண்டி 10 மீட்டரில் முடிகிறது. அதாவது 80ஆவது மீட்டரிலிருந்து 110ஆவது மீட்டர் வரை. அடுத்த இரண்டு மாற்றங்களுக்கும் இதே கணக்கு. வாங்குபவர் மண்டலத்துக்கு உள்ளே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். அவர் சீக்கிரம் கிளம்பினால் அது அவருடைய அணிக்கு ஆபத்து. விதிக்கு அதில் அக்கறையில்லை. மண்டலத்துக்கு வெளியே, பின்னால் நின்று ஓட்டத்தைத் தொடங்குவது மட்டும்தான் குற்றம்.

அடுத்து வருவது எல்லாரும் தவறவிடும் இடம். மாற்றம் மண்டலத்துக்குள் நடந்ததா என்பதை முடிவு செய்ய நடுவர் பார்ப்பது ஓடுபவரின் காலை அல்ல, உடம்பை அல்ல, கையைக்கூட அல்ல. பேட்டன் இருக்கும் இடத்தை. வாங்குபவரின் விரல் பேட்டனில் முதலில் படும் கணத்தில் மாற்றம் தொடங்குகிறது. கொடுத்தவர் கை விலகி, பேட்டன் வாங்குபவர் கையில் மட்டும் இருக்கும் கணத்தில் முடிகிறது. இந்த இரண்டு கணங்களிலும் பேட்டன் மண்டலக் கோடுகளுக்கு நடுவில் இருந்தாக வேண்டும். வாங்குபவரின் கால் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டது, ஆனால் பின்னால் நீட்டிய கையில் பேட்டன் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே மாறிவிட்டது என்றால், அது செல்லும். கோட்டுக்கு எதிரே நிற்காமல் சாய்வாக நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இது கட்டாயம் தவறாகத்தான் தெரியும்.

தொடங்கும் கணமும் கணக்கில் வரும் என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக் ஆண்கள் இறுதி சாட்சி. போல்ட்டின் கடைசி ஒலிம்பிக் பந்தயம் என்பதால் எல்லாக் கண்களும் ஜமைக்கா மேல் இருந்தன. ஜமைக்கா முதலிடம், ஜப்பான் இரண்டாமிடம், அமெரிக்கா மூன்றாமிடம். அமெரிக்கர்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வரும்போதே, நீக்கப்பட்டார்கள் என்ற செய்தி வந்தது. முதல் மாற்றத்தில் மைக் ராட்ஜர்ஸ் நீட்டிய பேட்டனில் ஜஸ்டின் காட்லினின் கை, மண்டலம் தொடங்கும் கோட்டுக்கு முன்பே பட்டுவிட்டது. வெண்கலம் நான்காவதாக வந்த கனடாவுக்குப் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய விதிப்படி அது குற்றமே அல்ல. அப்போது மாற்று மண்டலம் 20 மீட்டர்தான். அதற்கு முன்னால் 10 மீட்டர் வேகம் கூட்டும் பகுதி ஒன்று தனியாக இருந்தது; அங்கே ஓடலாம், பேட்டனைத் தொடக் கூடாது. 2017 இறுதியில் இரண்டையும் சேர்த்து ஒரே 30 மீட்டர் மண்டலமாக்கிவிட்டார்கள். காட்லின் தொட்ட இடம் இன்று மண்டலத்துக்கு உள்ளே வரும். பழைய அளவில் கோடு போட்ட மைதானங்களும், பழைய விதியை மனப்பாடம் செய்த பயிற்சியாளர்களும் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஊர் மைதானத்தில் ஒரே தடத்தில் மூன்று குறுக்குக் கோடுகள் கண்ணில் பட்டால், எந்தக் கோட்டிலிருந்து கணக்கு என்பதைப் பந்தயத்துக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

30 மீட்டர் தாராளமாகத் தோன்றும். தாராளம் இல்லை என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டால் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் 100 மீட்டரின் கடைசியில் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். வாங்கப்போகிறவன் மண்டலத்தின் தொடக்கத்தில் நிற்கிறான். நின்ற நிலையிலிருந்து கிளம்பி 22 மீட்டர் போக அவனுக்கு மூன்றரை வினாடி ஆகும். அதற்குள் அவன் நல்ல வேகத்துக்கு வந்திருப்பான், ஆகவே அங்கே வாங்கினால் சிறப்பு. அதே மூன்றரை வினாடியில் கொடுப்பவன் கடக்கும் தூரம் 28 மீட்டர். இருவரும் கையை முழுதாக நீட்டினால் இடையில் ஒரு மீட்டர் இருக்கலாம். எனவே கொடுப்பவன் 21ஆவது மீட்டருக்கு வந்தால் போதும். 28இல் 21 போனால் 7. அதாவது கொடுப்பவன் தனக்கு 7 மீட்டர் பின்னால் வரும்போது வாங்குபவன் கிளம்ப வேண்டும்.

பி.இ.டி. சார் பிள்ளைகளைக் குதிகால் நுனிக்கால் ஒட்டி அடி அளக்க விடுவது இதற்காகத்தான். 25 சென்டிமீட்டர் பாதம் என்றால் 28 அடி. அங்கே தன் தடத்துக்குள் ஒரு நாடாவை ஒட்டிவைப்பான். நான்கு நூறு மீட்டரில் ஆளுக்கு ஒரு அடையாளம் ஒட்ட அனுமதி உண்டு. 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. கொடுப்பவனின் கால் அந்த நாடாவைத் தாண்டிய கணத்தில் வாங்குபவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாய வேண்டும். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து குரல் வரும். கை பின்னால் நீளும்.

இப்போது கொடுப்பவன் களைத்துப்போய் 8 மீட்டருக்குப் பதில் ஏழரை மீட்டர் வேகத்தில்தான் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடாவைத் தாண்டியதும் வாங்குபவன் வழக்கம்போலக் கிளம்பிவிட்டான். மூன்றரை வினாடி கழித்துப் பார்த்தால் கொடுப்பவன் 26.25 மீட்டர்தான் கடந்திருப்பான். ஒரு மீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி இரண்டே முக்கால் மீட்டராக இருக்கும். வாங்குபவன் இப்போது கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடுவதால் அந்த இடைவெளி குறையவே குறையாது. மண்டலத்தில் மிச்சமிருப்பது 8 மீட்டர். ஒரு வினாடிக்குச் சற்று அதிகம். அதற்குள் வாங்குபவன் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியேதான் வாங்குவான். வேகத்தில் அரை மீட்டர் குறைந்ததற்கு இவ்வளவு விலை. வெயிலில் நான்காவது பந்தயம் ஓடும் பையனின் அளவும், காலையில் பயிற்சி செய்தபோது போட்ட அளவும் ஒன்றாக இருக்காது என்பதால்தான் விவரமான பயிற்சியாளர்கள் இறுதிப் போட்டிக்கு முன் நாடாவை ஓரிரு அடி முன்னே நகர்த்துவார்கள்.

2024 பாரிஸில் அமெரிக்க ஆண்கள் மாட்டிக்கொண்டதும் இப்படித்தான். முதல் மாற்றத்தில் கென்னி பெட்நரெக் சீக்கிரம் கிளம்பிவிட்டார். கிறிஸ்டியன் கோல்மன் பேட்டனை நீட்டிக்கொண்டே துரத்தினார். பெட்நரெக் ஏறக்குறைய நின்றே வாங்க வேண்டியதாயிற்று. இருவரும் மோதிக்கொள்ளாத குறை. அப்படியும் பேட்டன் மண்டலத்துக்கு வெளியேதான் கை மாறியது. தங்கம் கனடாவுக்கு. எட்டு ஆண்டுக்கு முன் சீக்கிரம் தொட்டதற்காக நீக்கப்பட்ட அணி இந்த முறை தாமதமாக வாங்கியதற்காக நீக்கப்பட்டது. இரண்டு முறையும் லாபம் அடைந்தது கனடா என்பதை அமெரிக்கர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ!

பார்வையாளர் எங்கே நிற்பது என்று கேட்டால், முடிவுக் கோட்டில் இடம்பிடிக்க அடித்துக்கொள்ளாமல், ஏதாவது ஒரு மண்டலத்தின் கடைசிக் கோட்டுக்கு நேர் எதிரே நில்லுங்கள் என்பேன். அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள். பேட்டன் அதைக் கடக்கும்போது எத்தனை கைகள் அதைப் பிடித்திருக்கின்றன? ஒரு கை, அதுவும் முன்னால் ஓடுகிறவரின் கை என்றால் சரி. இரண்டு கைகள் என்றால் அணி போய்விட்டது. அங்கே நிற்கும் நடுவரும் இதையேதான் எண்ணிக்கொண்டிருக்கிறார். தவறு கண்டால் மஞ்சள் கொடியை உயர்த்துவார்.

கீழே விழுந்த பேட்டன் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை நம் மைதானங்களில் ஊறிக்கிடக்கிறது. விழுந்தால் அவுட் என்று நினைத்துப் பிள்ளைகள் அழுதுகொண்டே ஒதுங்கிவிடுகிறார்கள். விழுவது குற்றமல்ல. யார் தவறவிட்டாரோ அவரே எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாற்றம் முழுமையடையும் முன் விழுந்தால், எடுக்க வேண்டியவர் கொடுத்தவர். வாங்குபவர் பரபரப்பில் குனிந்து எடுத்துக்கொண்டு ஓடினால் அதுதான் அணியை வெளியேற்றும். எடுப்பதற்காகத் தன் தடத்தை விட்டுப் போகலாம். ஆனால் யாருக்கும் குறுக்கே போகக் கூடாது, ஓட வேண்டிய தூரம் குறையக் கூடாது. பேட்டன் உருண்டு முன்னால் ஓடிவிட்டால், எடுத்த பிறகு அது கையை விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து அங்கிருந்து ஓட வேண்டும். வழவழப்பான குழாய் என்பதால் அது உருளத்தான் செய்யும். பேட்டன் 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், குறைந்தது 50 கிராம் எடை, உள்ளே காலி. கையுறை போடவோ, பிடிப்புக்காக உள்ளங்கையில் எதையாவது தடவிக்கொள்ளவோ விதி இடம் கொடுப்பதில்லை. வியர்வையைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விழுந்த பேட்டனை எடுத்து ஓடி முடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் ரியோவிலேயே பதில் உண்டு. பெண்கள் தகுதிச் சுற்றில் அமெரிக்காவின் அலிசன் ஃபீலிக்ஸ் இங்கிலிஷ் கார்ட்னருக்குக் கொடுக்கப்போகும் நேரத்தில், பக்கத்துத் தடத்து பிரேசில் வீராங்கனை இடித்துவிட்டார். பேட்டன் தரையில். மற்ற அணிகள் எல்லாம் போய்விட்ட பிறகும் அமெரிக்கர்கள் அதை எடுத்து ஒப்புக்கு ஓடி முடித்தார்கள். ஓட்டத்தைப் பாதியில் விடாததால் முறையீடு செய்யும் வழி திறந்திருந்தது. இடைஞ்சல் நடந்தது உண்மை என்று ஏற்றுக்கொண்டு பிரேசிலை நீக்கினார்கள். அன்று மாலை அமெரிக்க அணி மட்டும் வெறும் மைதானத்தில், பக்கத்தில் யாருமே இல்லாமல் கடிகாரத்தை எதிர்த்து ஓடியது. சீனாவின் நேரத்தை முந்தி இறுதிக்குள் நுழைந்தது. மறுநாள் முதல் தடத்தில் ஓடி 41.01 வினாடியில் தங்கத்தையும் வாங்கியது.

இந்த இடிபாட்டுக்கு வேர் தடம். ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். இரு தடங்களுக்கு நடுவே இருக்கும் கோடு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் பெரியவர்களே விழிப்பார்கள். வலதுபக்கக் கோடு உங்களுடைய தடத்தைச் சேர்ந்தது. இடதுபக்கக் கோடு பக்கத்துக்காரருடையது. ஆகவே மிதித்தார் என்று கத்துவதற்கு முன் எந்தக் கோடு, எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். ஓட்டம் எப்போதும் இடப்பக்கமாகவே வளைகிறது. வளைவில் இடது கோட்டுக்குள் நுழைந்தால் தூரம் குறைகிறது, ஆகவே விதி அங்கேதான் கண்டிப்பு. நேர்ப்பாதையில் சற்றே விலகினாலோ, வளைவில் வலப்புறம் அகன்றாலோ தூரம் மிச்சமாவதில்லை. அடுத்தவரை இடைஞ்சல் செய்யாதவரை விட்டுவிடுவார்கள். யாராவது தள்ளியதால் கால் வெளியே போனாலும் குற்றமில்லை.

அந்தக் கண்டிப்பிலும் சில ஆண்டுகளாக ஒரு தளர்வு வந்திருக்கிறது. வளைவில் இடது கோட்டை ஒரே ஓர் அடி தொட்டால் மன்னிப்பு. இரண்டாவது அடி விழுந்தால் நீக்கம். தொடர் ஓட்டத்தில் இந்த மன்னிப்பு ஆளுக்கு ஒன்றல்ல, அணிக்கே ஒன்று. முதல் ஆள் ஒரு முறை தொட்டு, மூன்றாவது ஆள் ஒரு முறை தொட்டால் அணி வெளியே.

எட்டாவது தடத்துப் பையன் 50 மீட்டருக்கு மேல் முன்னால் நிற்கிறானே, இது என்ன நியாயம் என்று கேட்காத பார்வையாளர் இல்லை. வெளித்தடத்தின் சுற்றளவு அதிகம். 400 மீட்டர் ஓடுபாதையில் முழுச் சுற்றும் தடத்திலேயே ஓடினால், இரண்டாம் தடத்துக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். எட்டாம் தடத்துக்காரர் 53.03 மீட்டர். மாற்று மண்டலங்களும் இதே கணக்கில் தடத்துக்குத் தடம் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். இதனால் மூன்றாவது மாற்றம் முடியும்வரை யார் முந்துகிறார் என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. கடைசி ஆட்கள் வளைவை முடித்து நேர்ப்பாதைக்குள் வரும்போதுதான் உண்மையான வரிசை தெரியும். அதுவரை வரும் ‘நம்ம பள்ளிதான் ஃபர்ஸ்ட்’ எல்லாம் ஆசைதான்.

பேட்டனைக் கொடுத்து முடித்தவரும் தன் தடத்திலேயே நிற்க வேண்டும். கொடுத்த சந்தோஷத்தில் குறுக்கே நடந்து, வந்துகொண்டிருக்கும் இன்னொரு அணியை மறித்தால், ஜெயித்துக்கொண்டிருக்கும் சொந்த அணியே நீக்கப்படலாம். சிறு பிள்ளைகளின் போட்டியில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

நான்கு நானூறு மீட்டரில் தடக் கதை வேறு. முதல் ஆள் முழுச் சுற்றும் தன் தடத்தில் ஓடுகிறார். இரண்டாவது ஆள் முதல் வளைவு முடியும்வரை தன் தடத்தில் இருந்துவிட்டு, குறுக்கே வளைந்து செல்லும் ஒரு கோட்டைத் தாண்டியதும் உள்ளே வந்துவிடலாம். அதன் பிறகு எல்லாருக்கும் பொதுப் பாதை. மாற்று மண்டலமும் இங்கே 20 மீட்டர்தான், ஏனென்றால் களைத்து வருகிறவரிடமிருந்து கண்ணால் பார்த்தே வாங்குவார்கள். அங்கே பறப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது, நான்காவது ஆட்கள் வாங்க நிற்கும்போது நடுவர் ஒருவர் அவர்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். வந்துகொண்டிருப்பவர்கள் 200 மீட்டரைக் கடக்கும்போது இருந்த வரிசைப்படி, முதலில் இருப்பவரின் ஆள் உள்பக்கம், அடுத்தவர் அதற்கு அடுத்து என்று நிற்பார்கள். அதன் பிறகு ஓடி வருகிறவர்கள் ஒருவரையொருவர் முந்தினாலும், நிற்கிறவர்கள் இடம் மாறக் கூடாது. ‘எங்க பொண்ணை ஓரமா தள்ளிட்டாங்க’ என்ற புகாருக்குப் பதில் இதுதான்: யாரும் தள்ளவில்லை, 200ஆவது மீட்டரில் உங்கள் அணி பின்னால் இருந்தது.

தடம் ஒரு பதக்கத்தையே மாற்றும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த கலப்பு நான்கு நானூறு மீட்டர் இறுதியில் இந்திய அணியில் முகமது அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன் ஓடினார்கள். அஜ்மல் தவிர மூவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பஹ்ரைன் முதலாவது, இலங்கை இரண்டாவது, 3 நிமிடம் 14.34 வினாடியில் இந்தியா மூன்றாவது. அது அப்போதைய தேசிய சாதனை. வெண்கலம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு, தடம் மீறியதாக இலங்கை அணி நீக்கப்பட்டது. இந்தியாவுக்கு வெள்ளி. அபாரமாக ஓடிய இலங்கைப் பிள்ளைகளுக்குக் கையில் ஒன்றுமில்லை.

உங்கள் பள்ளிக்கு அநியாயம் நடந்ததாகத் தோன்றினாலும் வழி இருக்கிறது. கோட்டோரம் நின்று கத்துவதல்ல. முடிவு முறைப்படி அறிவிக்கப்பட்ட 30 நிமிடத்துக்குள் அணியின் பொறுப்பாளர் நடுவரிடம் முறையிடலாம். அப்போது கேட்கும் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கும்: எந்த மண்டலம், எந்தக் கோடு, பேட்டன் அப்போது எங்கே இருந்தது? வீடியோ எடுப்பவர் பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கோட்டை எடுத்திருந்தால் பதில் சொல்லச் சுலபம்.